ஒழுகும் அயர்ன் பாக்ஸ்: ஓட்டையா, சூட்டுக் குறையா?

ஞாயிற்றுக்கிழமை இரவு. மறுநாள் பள்ளிக்கான வெள்ளைச் சட்டை. காலர், கை எல்லாம் தேய்த்தாகிவிட்டது. முதுகுப் பக்கத்தை விரித்து ஸ்டீம் அயர்னை வைத்து ஓர் இழுப்பு இழுத்ததும் அடியிலிருந்து பொளபொளவென்று தண்ணீர் கொட்டியது. வெறும் தண்ணீராக இருந்தாலாவது காய வைத்துக்கொள்ளலாம். சட்டையில் விழுந்தது டீத்தூள் கரைசல் மாதிரி பழுப்பாக இருந்தது. பெட்டியின் முனைப் பக்கம் துணியில் ஒட்டியது போல் இழுத்தது. பின்பக்கமோ பளிச்சென்று சுருக்கம் எடுத்தது. ஒரே தகட்டில் இரண்டு விதச் சூடு.

சென்னை வேளச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது இது. மறுநாள் அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை மெக்கானிக் கடைக்குப் போனார். "அண்ணா, உள்ள வாஷர் போயிருக்கும்னு நினைக்கிறேன். மாத்திக் குடுத்துடுங்க."

மெக்கானிக் பெட்டியைக் கையில் வாங்கவில்லை. "ஒழுகுறது எப்பம்மா? சும்மா ஆறிக் கிடக்கும்போதா, தேய்ச்சுட்டு இருக்கும்போதா?"

பாதி நோய் இந்த ஒரு கேள்வியிலேயே பிடிபட்டுவிடும். செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கும்போதே தண்ணீர் கசிந்தால், ஊற்றும் வாயின் மூடி சரியாக மூடவில்லை, அல்லது பிளாஸ்டிக் தொட்டியில் விரிசல் விட்டிருக்கிறது. ஆறிய பெட்டியைப் படுக்க வைத்ததும் அடித்துளைகளில் சொட்டினால், ஸ்டீம் குமிழைத் திறந்தே விட்டிருக்கிறீர்கள். அல்லது உள்ளே இருக்கும் சொட்டு வால்வு உப்பு பிடித்து முழுதாக மூட மறுக்கிறது. இந்த இரண்டும்தான் உண்மையான ஒழுக்கு. ஆனால் கடைக்கு வரும் பெட்டிகள் பெரும்பாலும் தேய்க்கும்போது மட்டுமே ஒழுகுபவை. அவற்றில் எங்கும் ஓட்டை இருக்காது. தண்ணீர் வர வேண்டிய வழியாகத்தான் வருகிறது. ஆவியாகி வர வேண்டியது, கொதிக்காமல் தண்ணீராகவே வந்துவிடுகிறது.

பெட்டியின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். மேலே தண்ணீர்த் தொட்டி. கீழே கனமான அலுமினிய வார்ப்பு. அதற்குள் லாட வடிவத்தில் காயில் புதைந்திருக்கும். அந்த வார்ப்பின் மேல்புறத்தில் கால்வாய் போல வளைந்து போகும் ஒரு பள்ளம் உண்டு. அதுதான் நீராவி அறை. தொட்டியில் உள்ள தண்ணீர் மொத்தமும் சூடாவதில்லை. ஸ்டீம் குமிழைத் திருப்பினால் சின்ன ஊசித் துவாரம் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்தச் சூடான பள்ளத்தில் விழும். விழுந்த சொட்டு அந்தக் கணமே ஆவியாகி, கால்வாய் வழியே ஓடி, அடித்தகட்டுத் துளைகளில் சீறிக்கொண்டு வெளியேற வேண்டும். பம்ப், கொதிகலன் என்று எதுவும் கிடையாது. எல்லாமே தகட்டின் சூட்டை நம்பித்தான். அந்தச் சூடு குறைந்தாலோ, சூடு தண்ணீரைத் தொட முடியாமல் போனாலோ, சொட்டு சொட்டாகவே துளைவரை போய்ச் சட்டையில் விழும்.

தண்ணீரை ஆவியாக்கப் பெட்டி எவ்வளவு பாடுபடுகிறது என்பதைச் சின்னக் கணக்கு ஒன்றில் பார்க்கலாம். நிமிடத்துக்கு 20 கிராம் நீராவி தரும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அறைச் சூட்டில் உள்ள 20 கிராம் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்க, சுமார் 850 வாட் மின்சாரம் இடைவிடாமல் வேண்டும். பெட்டி 1250 வாட் என்றால் துணியின் ஈரத்துக்கும் சுற்றுக்காற்றுக்கும் மீதி 400 வாட்தான். இதில் மாலை நேரத்து வோல்டேஜ் சரிவும் சேர்ந்தால் கதை முடிந்தது. 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் வந்தால், காயில் தரும் சூடு ஐந்தில் மூன்று பங்காகிவிடும். 1250 வாட் பெட்டி 770 வாட் பெட்டியாக நிற்கும். ஸ்டீமை முழுதாகத் திறந்து வைத்து அந்த நேரத்தில் தேய்த்தால் எவ்வளவு நல்ல பெட்டியும் ஒழுகும். காலையில் ஒழுங்காக இருந்த பெட்டி இரவில் மட்டும் ஒழுகுகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வீட்டுக்கு வரும் வோல்டேஜை.

அதே மாதிரி, டயலை எங்கே வைத்தோம் என்பதும் முக்கியம். டயலில் உள்ள ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. ஒரு புள்ளியில் வைத்து ஸ்டீமைத் திறந்தால் தகடு கொதிநிலைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது; நாலு சொட்டு விழுந்ததும் அதுவும் இறங்கிவிடும். அதனால்தான் பல பெட்டிகளில் ஸ்டீம் குறி இரண்டு புள்ளிக்கு அப்புறம்தான் தொடங்கும். சில பெட்டிகளில் தகடு ஆறினால் தானாக வழியை மூடும் சொட்டுத் தடுப்பும் உண்டு. ஸ்விட்ச் போட்டு விளக்கு முதல்முறை அணைந்த உடனேயே ஸ்டீமைத் திறப்பதும் தவறு. தகடு முழுக்கச் சூடு பரவ இன்னும் ஒரு சுற்று ஆகும். விளக்கு அணைந்து, மீண்டும் எரிந்து, இரண்டாம் முறை அணையும்வரை பொறுப்பது நல்லது. ஸ்டீம் பொத்தானைத் தடதடவென்று தொடர்ந்து அழுத்துவதும் இதே பிழைதான். ஒவ்வோர் அழுத்தலுக்கும் நடுவே சில நொடியாவது விட வேண்டும்.

வேளச்சேரிப் பெண் இதில் எந்தத் தவறும் செய்யவில்லை. டயல் இரண்டு புள்ளியில்தான் இருந்தது. வோல்டேஜும் சரி. அப்படியானால் சூடு எங்கே போயிற்று?

மெக்கானிக் அடுத்துக் கேட்டது: "எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"

"போர் தண்ணிதான் அண்ணா."

அவர்கள் வீட்டில் ஆர்.ஓ. கருவி மாட்ட வந்தவர் தன் பேனா மீட்டரால் போர் தண்ணீரை அளந்து 1000 என்று காட்டியிருந்தார். ஒரு லிட்டரில் 1000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று அர்த்தம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை விடலாம் என்றும் சொல்கிறது. குடிக்கிற கணக்கில் 1000 என்பது பயப்படும் எண் அல்ல. இஸ்திரிப் பெட்டிக்குக் கணக்கே வேறு. நாம் குடிக்கும் தண்ணீரின் உப்பு உடம்பில் போய் வெளியேறிவிடும். பெட்டியில் ஊற்றும் தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் பறந்துவிடும். உப்பு மட்டும் உள்ளேயே தங்கும்.

பெட்டியின் தொட்டி 250 மில்லி. ஒரு நிரப்புக்குக் கால் கிராம் உப்பு. வாரத்துக்கு நான்கு முறை நிரப்பினால் ஒரு கிராம். வருடத்துக்கு 50 கிராமுக்கு மேல். ஏறக்குறைய மூன்று மேசைக்கரண்டிச் சமையல் உப்பின் எடை, விரல் அகலப் பள்ளத்துக்குள் போகிறது. ஆவியோடும் செதிலாகவும் கொஞ்சம் வெளியேறும்தான். அந்தச் செதில்தான் சட்டையில் விழுகிறது. வெள்ளை உப்பு, துணிப் பஞ்சும் கஞ்சியும் சேர்ந்து தகட்டுச் சூட்டில் கருகும்போது பழுப்பாகிறது.

இந்த உப்புகள் எல்லாம் ஒரே குணமுள்ளவை அல்ல. சோடியம் உப்பு, அதாவது நம் சமையல் உப்பின் இனம், வெந்நீரில் கரைந்து போய்விடும். தண்ணீரைச் சூடாக்கும்போது கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் பிரிந்து கால்சியம் கார்பனேட்டாக, சுண்ணாம்புக் கல்லாகப் படிகிறதே, அதுதான் பிடிவாதக்காரன். வெந்நீர் அண்டாவின் அடியிலும் கீசர் காயிலிலும் வெள்ளைப் பொறுக்காக ஒட்டியிருப்பது அதுவே. அலுமினியம் கடத்தும் சூட்டில் நூறில் ஒரு பங்குகூட இந்தப் படிவு கடத்தாது. அறையின் தரையில் காகிதக் கனத்துக்கு அது படிந்துவிட்டால், கீழே தகடு 150 டிகிரியில் தகித்தாலும் மேலே விழும் சொட்டுக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. சொட்டு படிவின் மேல் தேங்கி, துளையைத் தேடிக்கொண்டு போகும்.

சமச்சீரற்ற சூட்டின் மர்மமும் இங்கேதான் இருக்கிறது. "ஒரு பக்கக் காயில் போய்விட்டது" என்று பலர் நினைப்பார்கள். காயில் என்பது ஒரே கம்பி. அது எங்கே அறுந்தாலும் பெட்டி முழுவதும் குளிர்ந்துவிடும். பாதி எரிந்து பாதி அணையாது. ஒரு பக்கம் மட்டும் சூடு குறைந்தால், அந்தப் பக்கத்தில் கொதிக்காத தண்ணீர் தேங்கி நின்று சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். தேய்க்கும்போது பெட்டியின் முனை தாழ்ந்து தள்ளப்படுவதால் தண்ணீர் முன்பக்கம் கூடுகிறது. ஒழுகலும் சூட்டுக் குறையும் இரண்டு நோய்கள் அல்ல, ஒன்றேதான்.

இதை வீட்டிலேயே நிரூபித்துப் பார்க்கலாம். தொட்டியைக் காலி செய்து, ஸ்டீமை மூடி, பெட்டியை இரண்டு புள்ளியில் உலர்வாகச் சூடாக்க வேண்டும். ஒரு மெல்லிய வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையை நனைத்து இறுகப் பிழிந்து மடித்த துண்டின் மேல் விரிக்க வேண்டும். விளக்கு இரண்டாம் முறை அணைந்ததும் பெட்டியை அதன்மேல் அசையாமல் மூன்று நான்கு நொடி வைத்து நேராகத் தூக்க வேண்டும். உலர்ந்த இடம் பெட்டியின் வடிவத்தில் அச்சு போல விழும். வேளச்சேரிப் பெட்டியில் அச்சு முனைவரை சீராக விழுந்தது. பின்விளிம்பின் நடுவில் மட்டும் லேசான ஈரம். லாட வடிவக் காயிலின் திறந்த வாய் அங்கே இருப்பதால் அது இயல்பு. ஆக, தகட்டில் கோளாறு இல்லை. பிறகு தண்ணீர் ஊற்றி ஸ்டீமைத் திறந்து அதே சோதனை. இம்முறை முன்பாதி முழுக்க ஈரமாகவே இருந்தது.

உலர்வாகவே அச்சு சீரற்று விழுந்தால் தகட்டின் அடியைப் பார்க்க வேண்டும். உருகிய பாலியஸ்டரோ கருகிய கஞ்சியோ ஓரிடத்தில் மேடாக ஒட்டியிருந்தால், அதைச் சுற்றியுள்ள இடம் துணியைத் தொடாது. கீழே விழுந்து தகடு வளைந்திருந்தாலும் இதே கதிதான். ஓர் இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

இனி உப்பை எடுக்கும் வேலை. பெட்டியோடு வரும் சிறுபுத்தகத்தில் இதற்கான முறை இருக்கும். சில பெட்டிகளில் குமிழிலேயே அதற்கென்று ஒரு நிலை உண்டு. இது ரசாயனம் எதுவும் இல்லாத, திடீர்க் கொதிப்பை மட்டும் நம்பிய முறை. தொட்டி நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி, ஸ்டீமை மூடி, டயலை உச்சத்தில் வைக்க வேண்டும். விளக்கு இரண்டாம் முறை அணைந்ததும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். அப்புறம் பெட்டியைத் தொட்டி மேடையின் மேல் படுக்கைவாக்கில் பிடித்து, ஸ்டீம் குமிழை முழுக்கத் திறந்து அல்லது சுத்தம் செய்யும் நிலைக்குத் தள்ளி, முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். தண்ணீர் மொத்தமாகச் சூடான அறைக்குள் பாயும். தகடு சட்டென்று சுருங்கும். படிவு விரிசல் விட்டு உரியும். கொதிநீரோடு செதில் வெளியே கொட்டும். கையும் முகமும் தள்ளியே இருக்க வேண்டும். அந்த ஆவி சுட்டால் சமையலறைத் தீக்காயத்துக்குக் குறைந்ததாக இருக்காது.

மெக்கானிக் முதல் தடவை செய்தபோது வெளியே வந்தது கலங்கிய பழுப்புத் தண்ணீர். இரண்டாம் தடவை, நகக்கண் அளவுச் செதில்கள். மூன்றாம் தடவை தண்ணீர் ஏறக்குறைய தெளிவு. அதன் பிறகு பெட்டியைச் சூடாக்கி, பழைய துணி ஒன்றின் மேல் ஸ்டீமோடு சில நிமிடம் தேய்த்தார். துளைகளின் ஓரத்தில் நின்ற செதிலைப் பல்குச்சியால் தட்டிவிட்டார். ஊசியோ ஸ்க்ரூ டிரைவரோ அவர் எடுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் தோசைக்கல்லில் இருக்கிறது.

தோசை வார்ப்பவர்கள் கல்லின் சூட்டைப் பார்க்கத் தண்ணீர் தெளிப்பார்கள். நடுத்தரச் சூட்டில் தண்ணீர் சுர்ரென்று பரவி மறையும். கல் அளவுக்கு மேல் காய்ந்திருந்தால் தண்ணீர் மறையாது. முத்து முத்தாக உருண்டு ஓடும். சொட்டுக்கும் கல்லுக்கும் நடுவே ஆவிப் படலம் ஒன்று உருவாகி, சொட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1756-இல் இதை எழுதி வைத்தார். அவர் பெயரால்தான் விஞ்ஞானிகள் இதை அழைக்கிறார்கள். மூன்று புள்ளிச் சூட்டில் இஸ்திரிப் பெட்டியின் நீராவி அறையிலும் இதேதான் நடக்கும். உருளும் முத்துக்கள் ஆவியாகாமல் துளைக்கு ஓடிவிடும். அதைத் தடுக்கத்தான் அறையின் உட்சுவரில், தண்ணீர் பரவி ஒட்டும்படி சொரசொரப்பான ஒரு பூச்சைத் தயாரிப்பாளர்கள் பூசுகிறார்கள். ஊசியால் கிளறினால் அது உரியும். வாசனைத் தண்ணீரும் கஞ்சியும் துணி கண்டிஷனரும் தொட்டியில் ஊற்றினால் அதன்மேல் வழவழப்பான படலம் கட்டும். அப்புறம் நல்ல சூட்டிலும் பெட்டி துப்பும்.

வினிகர் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "அரை கப் வினிகர், அரை கப் தண்ணீர்" என்று வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் சுற்றுகிறது. முக்கியமான தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் சிறுபுத்தகத்தில் வினிகரும் உப்பு நீக்கும் ரசாயனமும் ஊற்றக்கூடாது என்றே எழுதுகிறார்கள். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மை. அலுமினியத்தையும் அந்தப் பூச்சையும் சும்மா விடாது என்பதும் உண்மை. வாரண்டி உள்ள பெட்டியில் அமிலம் வேண்டவே வேண்டாம்.

வாரண்டி முடிந்து, வெந்நீர் முறையை மூன்று தடவை செய்தும் அசையாத படிவு என்றால், கடைசி முயற்சியாகச் சிட்ரிக் அமிலத்தைப் பார்க்கலாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் போதும். பெட்டியை மிதமாகச் சூடாக்கிப் பிளக்கைப் பிடுங்கி, தொடக்கூடிய சூட்டுக்கு வந்த பிறகு இந்தக் கரைசலை ஊற்றி, ஒரு தட்டகலப் பாத்திரத்தின் மேல் கம்பித் தாங்கியில் படுக்க வைக்க வேண்டும். சொட்டுத் தடுப்பு உள்ள பெட்டி ஆறியதும் வழியை மூடிக்கொள்ளும். அதற்கு ஸ்டீம் பொத்தானைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தினால் கரைசல் அறைக்குள் போகும். கால் மணி நேரம் போதும். கரைசலைக் கொதிக்க வைத்தால் சீக்கிரம் வேலை நடக்கும் என்று நினைக்க வேண்டாம். கரைந்த கால்சியம், சிட்ரேட் என்ற உப்பாகச் சூட்டில் மீண்டும் படிந்துவிடும். அதை எடுப்பது இன்னும் கடினம். முடிந்ததும் நல்ல தண்ணீரில் வெந்நீர் முறையைக் குறைந்தது இரண்டு தடவை செய்து அமிலம் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். தண்ணீரில் சல்பேட் அதிகமுள்ள ஊர்களில் படிவது ஜிப்சம் இனம். அதற்கு எலுமிச்சை உப்பும் பெரிதாக மசியாது.

வேளச்சேரிப் பெட்டிக்கு அமிலம் தேவைப்படவில்லை. பழுப்புத் தண்ணீர் நின்றது, மூன்று புள்ளியில் ஆவி பளிச்சென்று வந்தது. ஆனாலும் இரண்டு புள்ளியில் வைத்தால் ஒன்றிரண்டு சொட்டு விழுந்துகொண்டேதான் இருந்தது.

உப்பு தீர்ந்த பிறகும் தாழ்ந்த டயலில் மட்டும் ஒழுகினால் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல் போக வேண்டும். டயலுக்கு நேர் கீழே, தகட்டோடு ஒட்டித் திருகப்பட்ட சின்ன உறுப்பு அது. சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்று அதில் இருக்கிறது. தகடு காய்ந்தால் பட்டை வளைந்து மின்தொடர்பைத் துண்டிக்கும். ஆறினால் நிமிர்ந்து மீண்டும் சேர்க்கும். எவ்வளவு வளைந்தால் துண்டிக்க வேண்டும் என்பதைத்தான் நாம் டயலால் திருகுகிறோம். ஆண்டுகள் ஓடி, ஒவ்வொரு தேய்ப்பிலும் பல முறை வளைந்து நிமிரும் பட்டை தன் அளவை மாற்றிக்கொள்ளும். தொடும் புள்ளிகள் பொறி பட்டுக் கருகும்; சில சமயம் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு பிரியவே பிரியாது.

வீட்டில் செய்யக்கூடிய முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். பிளக் பிடுங்கிய, நன்றாக ஆறிய பெட்டியின் டயலைக் குறைந்த முனையிலிருந்து மெல்லத் திருப்பினால் தொடக்கத்திலேயே 'டிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவே இல்லை என்றால் புள்ளிகள் ஒட்டியே கிடக்கலாம். அடுத்தது விளக்கின் தாளம். உலர்வாக நிறுத்தி வைத்தால் விளக்கு சிறிது நேரம் எரிந்து, அணைந்து, மீண்டும் எரிய வேண்டும். அணையவே மாட்டேன் என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

மல்டிமீட்டர் இருப்பவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். பெட்டி மின்சாரத்தில் இல்லாதபோது பிளக்கின் இரண்டு சிறிய பின்களுக்கு நடுவே ஓம் அளவு பார்க்க வேண்டும். 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் வர வேண்டிய எண் கிடைக்கும். 1250 வாட்டுக்கு 42 ஓம், 1000 வாட்டுக்கு 53. டயலை 'ஆஃப்' பக்கம் முழுக்கத் திருப்பினால் மீட்டர் தொடர்பற்று நிற்க வேண்டும். உச்சத்தில் வைத்துப் பெட்டியை லேசாகத் தட்டும்போது 42 என்பது 60, 200 என்று துள்ளினால் புள்ளிகள் கருகியிருக்கின்றன. எந்த நிலையிலும் தொடர்பே இல்லை என்றால் வயர் அறுந்திருக்கலாம், காயில் போயிருக்கலாம், அல்லது அளவு மீறிய சூட்டில் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஃப்யூஸ் உருகியிருக்கலாம்.

மெக்கானிக் பார்த்தபோது 42 ஓம் நிலையாக நின்றது. 'ஆஃப்' நிலையில் தொடர்பு அறுந்தது. ஆகவே புள்ளிகள் நல்லவை. மிச்சம் இருந்தது வெப்ப அளவு. இதில் ஒரு சிக்கல் உண்டு. துப்பாக்கி போல நீட்டி அளக்கும் வெப்பமானியைப் பளபளப்பான தகட்டின் மேல் காட்டினால் அது உள்ளதைவிட வெகு குறைவாகவே சொல்லும். பளபளக்கும் உலோகம் வெப்பக் கதிரை அவ்வளவாக வீசாது. அதை நம்பி நல்ல தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. அவர் மீட்டரோடு வரும் தெர்மோகப்பிள் கம்பியைத் தகட்டின் நடுவில் அழுத்திப் பிடித்து, விளக்கு நான்கைந்து முறை எரிந்து அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு புள்ளியில் தகடு 108-க்கும் 126-க்கும் நடுவே ஏறி இறங்கியது. சுமார் 150 இருக்க வேண்டிய இடம். பட்டை முன்கூட்டியே துண்டித்துவிடுகிறது.

"உப்பு பாதி, இது பாதிம்மா. ரெண்டும் சேர்ந்துதான் உங்களைப் படுத்தியிருக்கு."

தெர்மோஸ்டாட்டில் அளவை மாற்ற ஒரு நுண்திருகு உண்டு. அதைத் திருகித் தருகிறேன் என்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். அளவு விலகிய பட்டை மேலும் விலகும். எந்தப் பக்கம் விலகும் என்று யாருக்கும் தெரியாது. இவர் அதே வகைத் தெர்மோஸ்டாட்டை, அதே தண்டு நீளம், 250 வோல்ட், 10 ஆம்பியர் என்று பார்த்து மாற்றினார். உட்காரும் இடத்தில் இருந்த துருவையும் உப்பையும் துடைத்து, திருகை இறுக்கினார். தளர்வாக விட்டால் தகட்டின் சூடு பட்டைக்குத் தாமதமாகப் போய், பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் காயும். மாற்றிய பின் இரண்டு புள்ளியில் 142-க்கும் 160-க்கும் நடுவே நின்றது. கைக்குட்டை அச்சு ஸ்டீமோடும் முனைவரை உலர்ந்து விழுந்தது.

மூடியைப் பூட்டிய பிறகும் அவர் பெட்டியைக் கொடுத்துவிடவில்லை. பிளக்கின் பெரிய பின்னுக்கும் தகட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தார். ஓம் பூஜ்யத்தை ஒட்டி நின்றது, அதாவது எர்த் உயிரோடு இருக்கிறது. பிறகு சிறிய பின்களுக்கும் தகட்டுக்கும் நடுவே மெக்கர் வைத்துக் கசிவு இல்லை என்று உறுதி செய்தார். தண்ணீரும் மின்சாரமும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் பொருள் இது. பெட்டியைப் போட்டதும் வீட்டு மெயின் விழுந்தால், அல்லது தகட்டைத் தொட்டால் சுரீர் என்றால், அதைத் 'தண்ணீர் பட்டிருக்கும், காய்ந்தால் சரியாகும்' என்று விடக்கூடாது. அந்தப் பெட்டி திறந்து பார்க்கப்பட்ட பிறகே மீண்டும் பிளக்கில் ஏற வேண்டும்.

எல்லாப் பெட்டியும் பிழைக்காது. தொட்டி விரிசல் விட்டிருந்தால் ஒட்டுப் பசை சூட்டில் நிற்காது. அறையின் அலுமினியத்தில் அரிப்பு ஓட்டை விழுந்திருந்தால், தகடு முழுவதையும் மாற்றும் செலவு புதுப் பெட்டியின் விலையைத் தொட்டுவிடும்; வாங்கிவிடுவதே நல்லது.

வேளச்சேரி வீட்டில் இப்போது பெட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதில் பேனா மீட்டர் 100 காட்டுகிறது. வருடத்துக்கு 50 கிராம் என்பது 5 கிராமாக இறங்கிவிட்டது. ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீரை ஊற்றலாமா என்று அந்தப் பெண் கேட்டாராம். உப்பு இல்லாவிட்டாலும் தூசியும் பாசியும் அதில் சேர்ந்து வரும், வேண்டாம் என்று பதில். மாதம் இரண்டு முறை வெந்நீர் முறை. தேய்த்து முடித்ததும், சூடு ஆறும் முன்பே மிச்சத் தண்ணீரைக் கொட்டி, ஸ்டீம் குமிழை மூடி, செங்குத்தாக நிறுத்தி வைக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சூடே இல்லாமல் பெட்டி செத்துப்போய்க் கடைக்குப் போகும்போது, உருகிய ஃப்யூஸுக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பியை முறுக்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் 'ரெடி' என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டி அன்றைக்கு எரியும். அந்த ஃப்யூஸ் உருகியதே தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டதால் என்றால், அடுத்த முறை தகட்டைத் தடுத்து நிறுத்த உள்ளே எதுவும் மிச்சமிருக்காது. "ஃப்யூஸ் புதுசு போட்டீங்களா, தெர்மோஸ்டாட்டைப் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.